சாட்சி இல்லாத இரு வாக்குமூலங்கள்: எதை நம்புவது?

கேள்வி: மூடிய அறையில் மேலாளர் மிரட்டினார் என்கிறார் ஊழியர். மிரட்டவே இல்லை என்கிறார் மேலாளர். பார்த்தவர் யாருமில்லை. விசாரிப்பவர் எப்படி முடிவெடுப்பது?

பதற்றத்தை வைத்து எடை போடாதீர்கள். உண்மை சொல்பவரும் நடுங்குவார். இருவரையும் தனித்தனியே, குறுக்கிடாமல் பேசவிடுங்கள். உங்களிடம் உள்ள ஆதாரத்தை முன்பே காட்டினால், சொல்வதை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வாய்ப்பாகிவிடும்.

பிறகு, அவர்கள் முரண்படும் இடத்தில் மட்டும் சான்று தேடுங்கள். சந்திப்பு நடந்ததை இருவருமே ஒப்புக்கொண்டால், அதை உறுதிசெய்யும் பதிவால் பயனில்லை. ஆனால் மேலாளர், "ஐந்து நிமிடம், விடுப்பு பற்றித்தான் பேசினோம்" என்கிறார். ஊழியர், "அரை மணி நேரம், புகாரைத் திரும்பப் பெறச் சொன்னார்" என்கிறார் என்று வையுங்கள். கதவு அட்டைப் பதிவின்படி ஊழியர் வெளியேறியது 28 நிமிடம் கழித்து. இது மிரட்டலை நிரூபிக்காது. ஆனாலும் ஊழியர் பக்கம் எடை கூடுகிறது. மேலாளரிடம் பதிவைக் காட்டி விளக்கம் கேட்காமல் முடிவெழுதுவது அநியாயம்.

அன்று மாலையே ஊழியர் தோழிக்கு அனுப்பிய செய்தி, பின்னாளில் புனைந்தார் என்ற வாதத்தைப் பலவீனமாக்கும். ஆனால் அவர் சொல்லக் கேட்ட மூவர் மூன்று சான்றுகள் அல்ல, ஊற்று ஒன்றுதான்.

மறுமுறை சொல்லும்போது யார் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பது மாறலாம், நினைவு அப்படித்தான். மிரட்டலின் சாரமே மாறினால்தான் சந்தேகம். வார்த்தை பிசகாமல் ஒப்பிப்பதும் நம்பகத்தைக் கூட்டாது. பொய்யையும் மனப்பாடம் செய்யலாம்.

இத்தனைக்கும் பிறகு தராசு சமமாக நின்றால், "நிரூபிக்கப்படவில்லை" என்று எழுதுங்கள். "புகார் பொய்" என்பது வேறு முடிவு. அதற்குத் தனிச் சான்று வேண்டும்.