நிப்பின் இரண்டு கால்களும் சேர்ந்து நடக்க வேண்டும்

கேள்வி: காப்பர்பிளேட் என்ற ஆங்கில அலங்கார எழுத்தைப் பழகி நான்கு மாதம் ஆகிறது. கீழே இழுக்கும் தடித்த கோட்டின் ஒரு ஓரம் வழவழப்பாகவும் மறு ஓரம் பிசிறாகவும் வருகிறது. மேலே ஏறும்போது நிப் காகிதத்தில் குத்தி மை தெறிக்கிறது. என் கை நடுங்குவதுதான் காரணமா?

கை நடுங்கினால் கோட்டின் இரண்டு ஓரங்களும் சேர்ந்தே வளையும். ஒரு ஓரம் சீராக இருந்து மற்றொன்று மட்டும் பிசிறடிக்கிறது என்றால் பழுது உங்கள் கையில் இல்லை. நிப் காகிதத்தில் எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்பதில் இருக்கிறது. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், இதே பழியை நானும் சுமந்திருக்கிறேன்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் விளம்பரப் பலகை எழுதியவன் நான். பிளக்ஸ் வந்த பிறகு அந்த வேலை குறைந்துபோனதால், சான்றிதழ்களிலும் திருமண அழைப்பிதழ் உறைகளிலும் பெயர் எழுதித் தரத் தொடங்கினேன். ஒரு கோடையில், பக்கத்து ஊர்க் கல்வி நிறுவனம் ஒன்று 140 சான்றிதழ்களைக் கொடுத்து, மாணவிகளின் பெயர்களை ஆங்கிலத்தில் காப்பர்பிளேட் எழுத்தில் எழுதித் தரச் சொன்னது. முதல் முப்பதை எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். அலுவலகத்தில் இருந்தவர் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்களுக்குக் கை நடுங்குது போல இருக்கே, வேறு யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். பதினொரு தாள்களை ஒதுக்கி, அவற்றின் விலையைக் கூலியில் கழித்துக்கொண்டார்கள். தாள் கெட்டது என் தவறு என்பதால் அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு ஆறடி எழுத்தை ஒரே வீச்சில் இழுத்த கையை நடுங்குகிறது என்று சொன்னதைத்தான் இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

ஒதுக்கப்பட்ட தாள்களில் ஒன்றில் முனியம்மாள் என்ற பெயர் இருந்தது. அதை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். முதலில் வரும் பெரிய எம் எழுத்தைத் தள்ளிவிட்டாலும், யூ, என், ஐ, ஏ, இரண்டு எம், மீண்டும் ஏ, கடைசியில் எல் என்று 16 தடித்த கோடுகள் அணிவகுத்து நிற்கும். அத்தனையும் அடிக்கோட்டிலிருந்து 55 பாகை சாய்வில் இணையாக நிற்க வேண்டும். அந்தத் தாளில் சாய்வு சரியாகவே இருந்தது. ஆனால் 16 கோடுகளிலும் ஒரே பக்கம் பிசிறு. எங்கள் தெருவில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் தம்பியிடம் தாளையும் பேனாவையும் கொண்டுபோனேன். அவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, என்னை மெதுவாக ஒரு கோடு இழுக்கச் சொல்லிப் பார்த்தார். "அண்ணா, நிப்புக்கு ரெண்டு கால். ஒண்ணு நடக்குது, இன்னொண்ணு பக்கவாட்டுல இழுபடுது" என்றார். எனக்கு விஷயம் முழுவதும் விளங்கிவிட்டது.

நிப்பின் நடுவில் ஓடும் பிளவு, நீங்கள் இழுக்கும் கோட்டின் சாய்வோடு ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான் அழுத்தும்போது இரண்டு கால்களும் இருபுறமும் சமமாக விரியும். ஒவ்வொரு காலும் கோட்டின் ஒரு ஓரத்தை வரையும். நடுவை மை நிரப்பும். நீங்கள் வலக்கையால், நேரான தண்டில் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்போது நிப்பின் முனை இயல்பாகவே இடப்பக்கம் மேல்நோக்கி நிற்கும். எழுத்தின் சாய்வோ வலப்பக்கம் மேல்நோக்கிப் போகிறது. அந்த நிலையில் அழுத்தினால் ஒரு கால் அதிகச் சுமையைத் தாங்கும், மற்றொன்று குறுக்கே உரசிக்கொண்டு வரும். அந்த உரசல்தான் உங்கள் பிசிறு.

இதைச் சோதிக்கக் கோடே இழுக்க வேண்டாம். பாகைமானியை வைத்துப் பென்சிலால் 55 பாகையில் ஒரு சாய்கோடு போடுங்கள். நிப்பின் முனையை அதன்மேல் வைத்து, நகர்த்தாமல் அழுத்திவிட்டு எடுங்கள். இரண்டு சிறு புள்ளிகள் பதிந்திருக்கும். பென்சில் கோடு அவற்றின் நடுவே போய், புள்ளிகளை இணைக்கும் கோடு அதற்குச் செங்குத்தாக அமைந்தால் நிப் சரியாக நிற்கிறது. புள்ளிகள் கோணலாக விழுந்தால், சரியாகும்வரை தாளை இடப்பக்கமாக, அதாவது கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். தண்டின் இடப்பக்கத்தில் பித்தளைத் தகடு பொருத்தி, அதில் நிப்பைச் செருகும் சாய்தண்டு கிடைத்தால் தாளை அவ்வளவு திருப்ப வேண்டியிருக்காது. அந்தத் தகடே நிப்பைச் சாய்வின் பக்கம் திருப்பிக் கொடுத்துவிடும். நேர்த்தண்டில் அருமையாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. அவர்கள் தாளை எவ்வளவு திருப்பி வைத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இனி மேலே ஏறும்போது குத்துவது. இந்தப் பிழை மேல்கோட்டில் தெரிகிறதே தவிர, பெரும்பாலும் அதற்கு முந்தைய கீழ்கோட்டிலேயே பிறந்துவிடுகிறது. சிறிய யூ எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து அழுத்தி இழுத்துவரும் நீங்கள், அடிக்கோட்டைத் தொட்ட பிறகு அழுத்தத்தை விடுகிறீர்கள். அதற்குள் கை வளைவில் திரும்பிவிடுகிறது; கால்கள் இன்னும் மூடவில்லை. விரிந்த கால்களோடு மேலே தள்ளினால் ஒரு கால் காகித நாரில் மாட்டிக்கொள்ளும், பிறகு விடுபட்டுத் துள்ளும். மை தெறிப்பது அந்தத் துள்ளலில்தான். எழுத்தின் உடல் 6 மில்லிமீட்டர் உயரம் என்றால் கடைசி 2 மில்லிமீட்டரில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, வளைவு தொடங்கும்போது கால்கள் முழுவதும் மூடியிருக்க வேண்டும். வளைவின் அடிப்பகுதி மயிரிழையாகவே இருக்க வேண்டும். அங்கே கோடு தடித்திருந்தால் நீங்கள் தாமதமாக விட்டிருக்கிறீர்கள் என்று பொருள். ஒரேயடியாக விட்டாலும் கோடு வெட்டுப்பட்டது போல நின்றுவிடும்; படிப்படியாகக் குறைய வேண்டும். நான் வளைவுக்கு முன் ஒரு நொடி நின்று, கால்கள் மூடியதைக் கண்ணால் பார்த்த பிறகே திரும்பப் பழகினேன். வேகம் போய்விட்டதே என்று சிலர் குறை சொல்வார்கள். இந்த எழுத்து கோடு கோடாக நிறுத்தி எழுதப்படுவது. ஓடுகிற கையெழுத்து இல்லை.

மேல்கோட்டில் கையின் எடைகூட நிப்பின்மேல் இறங்கக் கூடாது. தண்டைச் செங்குத்தாக நிமிர்த்தினால் முனை நாருக்குள் இறங்கும் என்பதால் சற்றே படுக்க வைத்துப் பிடியுங்கள். அச்சில் பார்க்கும் பழைய மாதிரிகளின் மயிரிழை உங்களுக்கு வரவில்லையே என்று வருந்தாதீர்கள். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் எழுத்தாசான்கள் இறகால் எழுதியதைச் செம்புத் தகட்டில் செதுக்கித்தான் அச்சிட்டார்கள். காப்பர்பிளேட் என்ற பெயரே அந்தத் தகட்டிலிருந்து வந்தது. அந்த மெல்லிய கோடு செதுக்குளி போட்ட கோடு.

கைக்கடியில் ஒரு தாளை எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்க் கோடையில் உள்ளங்கை வியர்வை பட்ட இடத்தில் மயிரிழை பரவிவிடும். முப்பதில் இரண்டு தாள்களை அப்படியும் இழந்தேன்.

மீதி 110 சான்றிதழ்களையும் ஒதுக்கப்பட்ட பதினொன்றையும் தாளைத் திருப்பி வைத்து எழுதி முடித்தேன். முனியம்மாளின் சான்றிதழைக் கடைசியாக எழுதி, கடிகாரக்காரத் தம்பியின் லென்ஸில் 16 கோடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே உறையில் இட்டேன்.