பிள்ளை வளர்த்த வருடங்களை விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது

போன மாதம் வெள்ளவத்தையிலிருந்து ஓர் அக்கா என்னிடம் வந்தார். வயது 43, இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஏ.எல். எழுதி முடித்துவிட்டாள், இனி நானும் படிக்கப் போகிறேன் என்று முடிவெடுத்து, உளவியல் டிப்ளோமா ஒன்றுக்கான சுயவிளக்கத்தையும் எழுதிக் கையோடு கொண்டுவந்திருந்தார். முதல் வரி இப்படி: "பதினெட்டு வருடம் பிள்ளைகளை வளர்த்ததில் எனக்குப் பொறுமையும் நேர முகாமைத்துவமும் வந்தன."

உண்மைதான். ஆனால் வாசிக்கிறவருக்கு இதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இதே வரியை எந்தத் தாயும் எழுதலாம், தாதியர் பயிற்சிக்கும் கணக்கியலுக்கும் அப்படியே அனுப்பலாம். படிப்பையும் வாழ்க்கையையும் இணைக்கும் இடம் இதற்குள் இல்லை.

அதனால் கடிதத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு ஒன்று கேட்டேன்: இத்தனை வருடத்தில் யாரும் சொல்லாமலே நீங்கள் தேடித் தேடிச் செய்த காரியம் என்ன? கொஞ்சம் யோசித்துவிட்டு இளையவனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். வீட்டில் தமிழ் மட்டும்தான். மூன்றரை வயதில் ஆங்கிலம் பேசும் முன்பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே முதல் தவணை முழுக்கப் பையன் வாயே திறக்கவில்லை, வீட்டுக்கு வந்தால் மட்டும் ஓயாத பேச்சு. வீட்டிலும் தமிழை நிறுத்துங்கள் என்றார்கள் முன்பள்ளியில், அக்கா நிறுத்தவில்லை. பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த வளர்ச்சிப் பதிவுப் புத்தகத்துக்குள் ஒரு கொப்பித் தாளை மடித்து வைத்து, அவன் வாயிலிருந்து வந்த ஆங்கிலச் சொற்களைத் திகதி போட்டுக் குறித்திருக்கிறார். அந்தத் தாளை நான் பார்த்தேன். முதலில் பாட்டு வரிகள், அப்புறம் 'நோ', பிறகு 'மை போல்', பல வாரம் கழித்துத்தான் அவனே கட்டிய ஒரு வசனம்.

புது மொழிக்குள் போகும் சிறு பிள்ளைகள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் இந்தக் கட்டத்தை மௌன காலம் என்பார்கள். சில வாரமும் இருக்கலாம், சில மாதமும் இருக்கலாம். தாய்மொழியிலும் பேச்சு வராமல் இருந்தால் அது வேறு விஷயம், அப்போது கட்டாயம் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இந்த வித்தியாசத்தை அக்கா எந்தப் பாடநூலும் இல்லாமல் கவனித்திருந்தார்.

சரி, அப்படியென்றால் ஏன் உளவியல்? பொதுவான உளவியல் டிப்ளோமாவின் பாடப் பட்டியலில் பிள்ளை வளர்ச்சி ஒரு பகுதி மட்டும்தான் இருக்கும். அவருடைய கேள்வியோ, வகுப்பறையில் ஒரு பிள்ளைக்கு மொழி எப்படி வருகிறது என்பது. அது முன்பிள்ளைப்பருவக் கல்விக்குள் வரும் விஷயம். நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகத்திலும் அந்தத் துறை இருக்கிறது. பாடப் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் அவரே மாற்றிக்கொண்டார். இதனால்தான் பாடத்தைத் தெரிவுசெய்யும் முன்பே சுயவிளக்கத்தின் முதல் வரைபை எழுதச் சொல்கிறேன்.

புதிய தொடக்கம் இப்படி வந்தது: "என் மகன் முன்பள்ளியில் ஒரு தவணை பேசவில்லை. அவன் பேசத் தொடங்கிய ஒழுங்கை நான் எழுதி வைத்தேன். பாட்டு முதலில் வந்தது, சொந்த வசனம் கடைசியில் வந்தது. ஏன் அந்த ஒழுங்கு என்று எனக்குத் தெரியாது, அதைப் படிக்க விரும்புகிறேன்." தெரியாததைச் சொல்லும் அந்தக் கடைசி வரிதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. எல்லாம் தெரிந்த தாயாக எழுதினால், பிறகு ஏன் படிக்க வருகிறீர்கள் என்ற கேள்வி வரும்.

இன்னும் ஓர் ஓட்டை இருந்தது. எல்லாம் சொந்தப் பிள்ளையைப் பற்றியே. நேர்முகத்தில் கட்டாயம் கேட்பார்கள், மற்றவர்களின் பிள்ளைகளோடு இருந்திருக்கிறீர்களா என்று. கோயில் அறநெறி வகுப்பில் இரண்டு வருடம் சின்னவர்களைப் பார்த்துக்கொண்டதை அக்கா எழுதவே இல்லை, "சம்பளம் இல்லாத வேலைதானே" என்றார். சம்பளம் யாருக்கு வேண்டும்? எத்தனை பிள்ளைகள், என்ன வயது, அழுகிற பிள்ளையை எப்படி வட்டத்துக்குள் கொண்டுவந்தார் என்று ஐந்து வரி சேர்த்தோம்.

மகனின் பெயரையும் கிளினிக் விபரங்களையும் எடுத்துவிட்டோம். அவை அவனுடையவை, நாளைக்கு அவன் பெரியவனாகும்போது சங்கடப்படக்கூடாது. இடைவெளிக்கு மன்னிப்புக் கேட்கும் பந்தியும் போனது. எந்த வருடத்திலிருந்து எந்த வருடம்வரை பிள்ளைகளைப் பார்த்தேன் என்ற ஒரு வரி போதும்.

கடைசிப் பந்தியில் எந்த நாள், எத்தனை மணிக்குப் படிப்பேன் என்று எழுதச் சொன்னேன். அதற்கு முதலில் வீட்டில் பேச வேண்டியிருந்தது. மூன்று நாள் கழித்து அழைத்தார்: சனிக்கிழமை சமையல் இனி மகளுடையதாம்.