போர்டிங் பாஸில் 0040 என்றால் எந்த ராத்திரி?

"அண்ணே, நான் கருங்கல்காரன். முதல் தடவையா பிளைட் ஏறுறேன், துபாய்க்கு வேலைக்கு. வெப் செக்-இன் பண்ணி பிரிண்ட் எடுத்த பாஸை போட்டோ பிடிச்சு அனுப்பிருக்கேன். 15MAY, BRD 2355, DEP 0040, 23A, SEQ 0087ன்னு நிறைய இருக்கு. இதுல சீட் எது, கேட் எது, வீட்டில இருந்து எப்ப கிளம்பணும்? பேரும் திருப்பிப் போட்டிருக்கு, பிரச்சினை ஆகுமா?"

தம்பி, முதலில் தேதியைப் பார்த்துவிடுவோம், உங்கள் பாஸில் ஏமாற்றக்கூடிய இடம் அதுதான். DEP 0040 என்பது நள்ளிரவு 12 மணி 40 நிமிடம். 15ஆம் தேதி பிறந்து நாற்பது நிமிடத்தில் விமானம் கிளம்பிவிடும், அதனால் நீங்கள் ஏர்போர்ட்டில் இருக்க வேண்டியது 14ஆம் தேதி ராத்திரி. இதில் இன்னொரு சிக்கல், BRD 2355 என்று ஏறத் தொடங்கும் நேரத்தைப் போட்டவர்கள் அதற்குப் பக்கத்தில் தேதி போடவில்லை. மேலே 15MAY என்று இருப்பதால் 15ஆம் தேதி ராத்திரி 11.55 என்று நினைத்துக்கொள்வார்கள். அது 14ஆம் தேதி 11.55. நான் கவுண்டரில் வேலை பார்த்த காலத்தில் குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வேன் பிடித்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் வழியனுப்ப, சரியாக ஒரு நாள் தாமதமாக வந்து நின்றார்கள். அந்த டிக்கெட் வராத பயணி கணக்கில் போய்விட்டது, அன்றைக்கு அந்தப் பையனின் முகத்தை இன்னும் மறக்கவில்லை. நள்ளிரவு 12 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் கிளம்பும் எந்த விமானமானாலும், காலண்டரில் முந்தின நாளில் வட்டம் போட்டு வையுங்கள்.

அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடலாம். 2355 என்பது கதவு திறக்கும் நேரம். கேட்டை மூடுவது பெரும்பாலும் கிளம்புவதற்கு 20, 25 நிமிடம் முன்னால், அதாவது 12.15 வாக்கில். செக்-இன் கவுண்டர் அதற்கும் முன்னாலேயே, வெளிநாட்டு விமானத்துக்கு வழக்கமாக ஒரு மணி நேரம் முன்னதாக மூடிவிடுவார்கள். வெப் செக்-இன் ஆகிவிட்டதே, கவுண்டர் எதற்கு என்று கேட்கலாம். பெட்டியைப் போட வேண்டும், பாஸ்போர்ட்டும் விசாவும் காட்ட வேண்டும், அதற்குப் பிறகு இமிகிரேஷன், செக்யூரிட்டி. மூன்று மணி நேரம் முன்னால், 14ஆம் தேதி 9.40க்கு உள்ளே இருந்தால் நிதானமாக முடிக்கலாம். களியக்காவிளை, பாலராமபுரம் நெரிசல் உங்களுக்குத் தெரியாததா, ஏழு மணிக்கே கருங்கலை விட்டுக் கிளம்புங்கள். டிரைவரிடம் வெறுமனே 'திருவனந்தபுரம் ஏர்போர்ட்' என்று சொல்லாதீர்கள். வெளிநாட்டு விமானங்களுக்கு பைபாஸை ஒட்டிய சாக்கை பக்கத்து டெர்மினல், உள்நாட்டுக்கு சங்குமுகம் பக்கம், நடுவில் ரன்வே. தவறான பக்கம் இறங்கினால் ரோட்டில் சுற்றித்தான் வர வேண்டும்.

சீட் 23A தான். 23ஆவது வரிசை, A ஜன்னல் ஓரம். SEQ 0087 சீட்டும் இல்லை, கேட்டும் இல்லை. அந்த விமானத்துக்கு செக்-இன் ஆனவர்களில் நீங்கள் எத்தனையாவது ஆள் என்ற வரிசை எண். அது கேட்டில் நிற்கும் ஊழியர்களுக்கு வேண்டியது. ஏறியவர்களின் எண் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டே வரும், கடைசியில் 87 மட்டும் நின்றால் உங்களைத் தேடுவார்கள், நீங்கள் வரவே இல்லையென்றால் உங்கள் பெட்டியையும் கீழே இறக்குவார்கள். GATE என்ற இடம் உங்கள் பாஸில் காலியாக இருக்கிறது, அது தப்பு இல்லை, வீட்டில் எடுத்த பாஸில் பல நேரம் அப்படித்தான் வரும். செக்யூரிட்டி தாண்டியதும் திரையில் உங்கள் விமான எண்ணுக்கு நேராகப் பாருங்கள். அச்சடித்து வந்திருந்தாலும் பாருங்கள், கேட் கடைசி நேரத்தில் மாறுவதுண்டு.

பேர் திருப்பி வருவது முறைதான், குடும்பப்பெயர் முதலில், சாய்கோடு, அப்புறம் உங்கள் பேர், கடைசியில் MR. எழுத்து பாஸ்போர்ட்டோடு ஒத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பெட்டியைக் கொடுத்ததும் ஒரு சின்ன ஸ்டிக்கர் தருவார்கள், அதில் பத்து இலக்க எண் இருக்கும். பெட்டியில் ஒட்டும் பட்டையிலும் அதே எண். பெல்ட்டில் பெட்டி போவதற்கு முன் அந்தப் பட்டையில் துபாய் ஏர்போர்ட்டின் குறியான DXB பெரிதாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அங்கே பெட்டி வரவில்லையென்றால் அந்த ஸ்டிக்கரை வைத்துத்தான் தேடுவார்கள்.

இப்போது நான் உண்மையிலேயே கவலைப்படும் விஷயம். இதே போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். PNR என்று போட்டிருக்கிற ஆறு எழுத்தும் உங்கள் குடும்பப்பெயரும் சேர்ந்தால், பல விமான நிறுவனங்களின் தளத்தில் உங்கள் புக்கிங் திறந்துவிடும், வேறு பாஸ்வேர்டு கேட்காது. சீட்டை மாற்றலாம், போன் நம்பர் பார்க்கலாம், சிலவற்றில் திரும்பி வரும் டிக்கெட்டையே ரத்து செய்யலாம். 2020 மார்ச்சில் ஆஸ்திரேலிய முன்னாள் பிரதமர் டோனி அபாட் இன்ஸ்டாகிராமில் போட்ட போர்டிங் பாஸ் படத்தை வைத்தே ஒருவர் அவருடைய பாஸ்போர்ட் எண்ணையும் போன் நம்பரையும் எடுத்துக் காட்டினார்.

PNR-ஐ விரலால் மறைத்துப் படம் எடுத்தேன் என்பார்கள், ஆனால் கீழே அந்தப் பார்கோடு இருக்கிறதே. அதில் பூட்டு எதுவும் கிடையாது, போனில் இருக்கும் சாதாரண ஸ்கேனர் ஆப் ஒன்றே போதும். உள்ளே இப்படி இருக்கும் (பேர், எண் எல்லாம் நான் உதாரணத்துக்குப் போட்டவை):

```
M1SELVAN/JENISH MR    EK7QX4M TRVDXBXX 0547 135Y023A0087 100
```

பேருக்கு அடுத்து வரும் E, இது எலக்ட்ரானிக் டிக்கெட் என்பதற்கு. அதை ஒட்டி K7QX4M, அதுதான் PNR. TRVDXB திருவனந்தபுரத்திலிருந்து துபாய், XX விமான நிறுவனத்தின் குறி, 0547 விமான எண். 135 என்பது ஆண்டின் 135ஆவது நாள், சாதாரண ஆண்டில் மே 15. Y எகானமி, அப்புறம் சீட் 23A, வரிசை எண் 87. விரல் மறைத்த அத்தனையும் இங்கே மறுபடியும் இருக்கிறது. படம் போட்டே ஆக வேண்டுமென்றால் பார்கோடு முழுவதையும் PNR-ஐயும் டிக்கெட் எண்ணையும் வெட்டிவிட்டுப் போடுங்கள். போனில் இருக்கும் ஹைலைட்டர் பேனாவால் கிறுக்கினால் போதாது, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருப்பது தெரிந்துவிடும். இறங்கின பிறகு காகிதத்தை சீட் பையில் விட்டுவிட்டும் வராதீர்கள்.

வீட்டில் அம்மாவுக்கு இந்தப் படமே தேவையில்லை. விமான எண்ணும் இறங்கும் நேரமும் மட்டும் எழுதிக் கொடுங்கள். உங்கள் பாஸில் ARR 0330 என்று இருப்பது துபாய் நேரம், நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். கருங்கலில் அப்போது காலை ஐந்து மணி. பெட்டி எடுத்து வெளியே வந்து போன் போட ஆறு ஆகலாம் என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள்.