கவர் லெட்டரில் 14 மாத இடைவெளி

"அப்பாவுக்குப் பக்கவாதம், 14 மாதம் வேலையில் இல்லை. அக்கவுண்ட்ஸ் வேலைக்கான கவர் லெட்டரில் எப்படிச் சொல்வது?"

முதல் பத்தியில் வேண்டாம். டேலி, ஜிஎஸ்டி அனுபவத்தைச் சொல்லிவிட்டு, இரண்டே வாக்கியம் எழுதுங்க:

"2023 ஜூன் முதல் 2024 ஜூலை வரை தந்தையைக் கவனிக்க வேலையிலிருந்து விலகியிருந்தேன். இப்போது வீட்டில் அதற்கு ஏற்பாடு செய்துவிட்டதால், முழுநேரமாகச் சேர முடியும்."

இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். 'மறுபடி பாதியில் போயிடுவாரோ' என்பதுதான் படிப்பவரின் சந்தேகம். அதனால் ஏற்பாடு உண்மையிலேயே இருந்தால் மட்டும் அப்படி எழுதுங்க. நோயின் விவரமோ 'துரதிர்ஷ்டவசமாக'வோ தேவையில்லை. இரக்கம் கேட்பதுபோல் ஆகிவிடும்.

பழைய வேலையின் கடைசி மாதத்தைத் தள்ளிப்போட்டு இடைவெளியைச் சுருக்காதீங்க. பிஎஃப் பதிவில் விலகிய தேதி இருக்கும். ஆஃபர் வந்தபிறகு நடக்கும் சரிபார்ப்பில் அது மாட்டிக்கொள்ளும். ரெஸ்யூமேயிலும் இதே மாதங்கள்தான் இருக்கணும்.