கேம்பஸ் தேர்வில் ஆப்டிட்யூட் டெஸ்ட்டோடு பெர்சனாலிட்டி டெஸ்ட்டும் வைக்கிறார்களே, இதெல்லாம் எதை அளக்கிறது? பொய்யாகப் பதில் போடாமல் எப்படித் தயாராவது?

கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் பயிற்சி கொடுப்பவன் என்பதால், மாணவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்க்கிறேன். ஆப்டிட்யூடில் பயிற்சி போதாமல் விழுகிறார்கள். பெர்சனாலிட்டியில் தப்பான பயிற்சியால் விழுகிறார்கள்.

ஆப்டிட்யூடைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது அளப்பது நேர நெருக்கடியில் நீங்கள் எவ்வளவு வேகமாக யோசிக்கிறீர்கள் என்பதை. உதாரணமாக, ஒரு வேலையை ஒருவர் 12 நாளில் முடிப்பார், இன்னொருவர் 15 நாளில். முதலாமவர் 3 நாள் தனியாகச் செய்தபின் இரண்டாமவரும் சேர்கிறார், மொத்தம் எத்தனை நாள்? பின்னத்தில் போட்டால் பக்கம் நிறையும். மொத்த வேலையை 12, 15 இரண்டின் மீ.பொ.ம. ஆன 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நாளைக்கு 5, மற்றவர் 4. மூன்று நாளில் 15 முடிந்தது, மீதி 45, இருவரும் சேர்ந்தால் நாளைக்கு 9, ஆக 5 நாள். மொத்தம் 8. கணக்கைப் பார்த்ததும் இந்த வழி தானாகக் கைக்கு வரும்வரை கடிகாரத்தை வைத்துக்கொண்டு போட்டுப் பழகுவதுதான் தயாரிப்பு, இதில் பொய்க்கு இடமே இல்லை. ஆம்கேட் போன்ற சில தேர்வுகளில் சரியாகப் போடப்போட அடுத்த கேள்வி கடினமாகும், முந்தைய கேள்விக்குத் திரும்பவும் முடியாது. அங்கே கேள்வி கடினமாகிக்கொண்டே போனால் பதற வேண்டாம், பெரும்பாலும் நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

பெர்சனாலிட்டி டெஸ்ட் வேறு. பெரும்பாலானவை ஐந்து குணங்களைச் சுற்றி வருகின்றன: பொறுப்பாக வேலை செய்வது, மற்றவர்களோடு பழகும் ஆர்வம், விட்டுக்கொடுத்துப் போவது, பதறாமல் இருப்பது, புதியதை ஏற்பது. "எல்லாவற்றுக்கும் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன் போடு" என்று சீனியர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். "நான் வாழ்க்கையில் ஒருமுறைகூட யாரிடமும் கோபப்பட்டதில்லை" என்பது போன்ற வாக்கியங்கள் இடையிடையே இருக்கும். அவற்றுக்கெல்லாம் ஆமாம் போட்டால், தன்னை மிகைப்படுத்திக் காட்டுகிறார் என்ற குறிப்பு அறிக்கையில் ஏறிவிடும்.

அதைவிடக் கடினமான வகை ஒன்று உண்டு. மூன்று நான்கு வாக்கியங்களைக் கொடுத்து உங்களுக்கு மிகவும் பொருந்துவது எது, சற்றும் பொருந்தாதது எது என்று கேட்பார்கள். "குழுவை முன்னின்று நடத்துவேன்", "சின்ன விவரத்தையும் சரிபார்ப்பேன்", "நெருக்கடியில் பதறமாட்டேன்". மூன்றுமே நல்லவைதான், ஒன்றை உயர்த்தினால் இன்னொன்று கீழே போகும். அமைதியான, வேலையில் மிகக் கவனமான ஒரு மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். தலைமைப் பண்பைத்தான் கம்பெனிகள் எதிர்பார்க்கும் என்று யாரோ சொன்னதை நம்பி ஒவ்வொரு முறையும் "முன்னின்று நடத்துவேன்" என்பதையே தேர்ந்தெடுக்கிறார். விளைவு, அந்த வேலைக்கு எது வேண்டுமோ, அவரிடம் உண்மையிலேயே எது இருக்கிறதோ, அந்த விவரக் கவனம் அறிக்கையில் அடிமட்டத்தில் நிற்கும். பல நிறுவனங்களில் அந்த அறிக்கையே நேர்முகத்தில் கேட்க வேண்டிய கேள்விகளையும் எடுத்துக்கொடுக்கும். "குழுவில் எல்லோரும் எதிர்த்தபோது நீங்கள் எடுத்த முடிவு ஒன்றைச் சொல்லுங்கள்" என்பார்கள். அவரிடம் சொல்ல ஒன்றும் இருக்காது.

சரி, நேர்மையாக எப்படித் தயாராவது? தேர்வுக்கு முன்னால் புராஜெக்ட், இன்டர்ன்ஷிப், கல்லூரி விழா வேலை என்று நான்கைந்து உண்மைச் சம்பவங்களை எழுதிப் பாருங்கள். கடைசி நாள் நெருங்கியபோது என்ன செய்தீர்கள், சண்டை வந்தபோது யார் பேசினார்கள் என்பதுவரை. கேள்வியைப் படிக்கும்போது வீட்டில் இருக்கும் உங்களை விட்டுவிட்டு, இந்தச் சம்பவங்களில் இருந்த உங்களை நினைத்துப் பதில் சொல்லுங்கள். வீட்டில் துணி மடிக்காதவர் புராஜெக்ட் ஃபைலை ஒழுங்காக வைத்திருக்கலாம், இரண்டும் நீங்கள்தான், அவர்கள் கேட்பது இரண்டாவதை. எல்லாவற்றுக்கும் நடுவில் உள்ள கட்டத்தையே தட்டுவதும் வேண்டாம், உங்களைப் பற்றி அது எதையும் சொல்லாது.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இன்னொன்று. ஒரே குணத்தை நேராகவும் தலைகீழாகவும் கேட்பார்கள். அரிதாக என்று பொருள்படும் 'ரேர்லி', 'செல்டம்' மாதிரி சொற்கள் வரும் வாக்கியத்தை அவசரத்தில் மாற்றிப் படித்தால், உண்மையைச் சொன்னவரின் பதில்களும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும். இப்படிப்பட்ட வாக்கியங்களை முன்கூட்டியே படித்துப் பழகுங்கள், தேர்விலும் அங்கே மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

இந்த மதிப்பெண்களைத் தலையெழுத்தாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அறிவுத்திறன் தேர்வுக்கும் பிற்பாடு வேலையில் காட்டும் திறமைக்கும் உள்ள தொடர்பை 1998-ல் ஷ்மிட், ஹன்டர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 0.51 என்று மதிப்பிட்டார்கள் (1 என்றால் முழுப் பொருத்தம்). 2022-ல் சாக்கெட் என்ற ஆய்வாளரின் குழுவினர் கணக்கீட்டைத் திருத்தியபோது அது 0.31 ஆக இறங்கியது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் திட்டமிட்ட நேர்முகத்துக்கு 0.42 வந்தது. அந்தச் சம்பவக் குறிப்புகளை டெஸ்ட் முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நேர்முகத்துக்கும் அவைதான் வேண்டும்.