திண்ணையில் ஐந்தாவது ஆள்

கேள்வி: ‘வீட்டு வழக்குத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை’ என்று செய்தி வருகிறதே, ஜெயித்தவர் தோற்றுவிட்டார் என்று அர்த்தமா? அடுத்த விசாரணை வரை எதெல்லாம் நிற்கும்? (வாசகர், பள்ளத்தூர்)

பதில்: இந்தத் ‘தடை’ என்ற சொல்லை நாம் படுத்தும் பாடு கொஞ்சமில்லை. கோர்ட் ஒரு தீர்ப்பை நிறுத்தி வைத்தாலும் தடை. ஒரு ஆளிடம் ‘இதைச் செய்யாதே’ என்று சொன்னாலும் தடை. ஊரில் கூட்டம் கூடாதே என்று போடும் பழைய 144-உம் தடை உத்தரவுதான். இதற்கு முன்னால் ‘அதிரடி’ என்று வேறு சேர்த்துத் தலைப்புப் போடும் உதவி ஆசிரியர்களோடு எனக்கு இருபது வருடச் சண்டை.

காரைக்குடிப் பக்கம் என் பெரியப்பா ஒருவர். பங்காளிக்கும் அவருக்கும் வீட்டு வழக்கு. முகப்பு பங்காளி கையில், இரண்டாங்கட்டு இவர் கையில். இவர் காலி செய்ய வேண்டும் என்று கீழ்கோர்ட்டில் டிக்ரி ஆனது. மதுரைக் கிளையில் அப்பீல் போட்டு ஸ்டே வாங்கினார். காலைப் பேப்பரில் ‘தடை உத்தரவு’ என்று பார்த்தவர், திண்ணையில் சீட்டாடிய நான்கு பேரோடு ஐந்தாவதாக ஒருவர் வந்து உட்காரப் போனதும், “தடை உத்தரவு இருக்கு, அஞ்சு பேர் கூடக்கூடாது, வீட்டுக்குப் போப்பா” என்று விரட்டிவிட்டார். விரட்டப்பட்டவர் வக்கீல் குமாஸ்தா. அவர் பையில்தான் ஸ்டேயின் நகல் இருந்தது. மனுஷர் கோபித்துக்கொண்டு நேரே பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் அமீனா பூட்டோடு வந்தார். பெரியப்பா பேப்பரை நீட்டினார். அமீனா, “எங்க கோர்ட்டுக்கு இன்னும் தகவல் வரலையே” என்று சொல்லிப் பூட்டைப் போட்டார்.

அமீனா செய்தது அடாவடி இல்லை. டிக்ரியை நிறைவேற்றாமல் நிறுத்தி வை என்கிற ஸ்டே, கீழ்கோர்ட்டுக்குச் சொல்லப்படுகிற உத்தரவு. அந்தக் கோர்ட்டுக்குத் தெரியவந்த பிறகுதான் அதன் கை கட்டப்படும்; அதற்குள் செய்தது செல்லாததாகிவிடாது என்று 1967-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் இடையில் நடந்ததைச் சரிசெய்யும் அதிகாரம் கீழ்கோர்ட்டுக்கு உண்டு என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதை வைத்து மனுப் போட்டுத்தான் பெரியப்பா பூட்டைத் திறந்தார். ‘இன்ஜங்ஷன்’ என்கிறோமே, அது வேறு சாதி. அது ஆளைக் கட்டும், போட்ட நேரத்திலிருந்தே கட்டும்.

சரி, ஜெயித்தவர் தோற்றாரா? இல்லை. ரத்தானால் டிக்ரியே போய்விடும். ஸ்டேயில் டிக்ரி அப்படியே இருக்கும். நடைமுறைக்கு வராது, அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தையும் சுப்ரீம் கோர்ட் 1992-இல் ஒரு வழக்கில் விளக்கிவிட்டது. ஸ்டே கிடைத்த அன்று பெரியப்பா வெடி போட்டார். நான்தான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

எதெல்லாம் நிற்கும் என்றால், உத்தரவில் எழுதியது மட்டும் நிற்கும். பெரியப்பாவின் உத்தரவில் இருந்தது, காலி செய்யும் டிக்ரியை நிறைவேற்றக் கூடாது என்பது ஒன்றுதான். வெடி போட்ட புகை அடங்கி ஒரு வாரத்தில் முகப்பு வாசலில் லாரி வந்தது. எட்டு பர்மாத் தேக்குத் தூண்களையும் பங்காளி பழைய மரக் கடைக்கு விலை பேசிவிட்டார். “ஸ்டே இருக்கே!” என்று பெரியப்பா கத்தினார். தூணைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு எழுத்துக்கூட இல்லை. ஓடிப்போய்த் தனி மனுப் போட்டு இன்ஜங்ஷன் வாங்கி வருவதற்குள் ஆறு தூண் போய்விட்டது. கிடைத்த உத்தரவு மிச்சமிருந்த இரண்டுக்குத்தான் உதவியது. போனதைத் திருப்பி நட வைக்க, ‘செய்யாதே’ என்ற உத்தரவு போதாது. ‘செய்’ என்று கட்டளையிடும் உத்தரவு வேண்டும். அதை இடைக்காலத்தில் கோர்ட் லேசில் தராது.

‘அடுத்த விசாரணை வரை’ என்பதையும் உத்தரவைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ‘மறு உத்தரவு வரை’ என்றிருந்தால் ஸ்டே ஓடிக்கொண்டிருக்கும். தேதி போட்டிருந்தால், அன்றைக்கு நீட்டிக்கச் சொல்லி வக்கீல் வாய் திறக்க வேண்டும். விட்டால் அதோடு போச்சு. ஆறு மாதத்தில் ஸ்டே தானாகவே காலாவதி என்று 2018-இல் ஒரு விதி வந்தது. 2024 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் அதை எடுத்துவிட்டார்கள். வாய்தா என்ற சொல்லே அரபியில் ‘வாக்குறுதி’ என்ற பொருளில் இருந்து வந்ததாம். யார் யாருக்குக் கொடுத்த வாக்கு என்று பெரியப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

போன ஆறு தூணும் இப்போது சென்னையில் ஒரு ஓட்டலில் நிற்கின்றன. பெரியப்பா போய்ப் பார்த்தார். மூன்றாவது தூணில், சின்ன வயதில் அவர் ஆணியால் கீறிய இனிஷியல் அப்படியே இருந்ததாம். அந்தத் தூண் பக்கத்து மேஜைதான் வேண்டும் என்று அரை மணி நேரம் காத்திருந்து, ஒரு தோசை சாப்பிட்டுவிட்டு வந்தார்.