டிக்கெட் எத்தனை நாள் முடங்கிக் கிடந்தது? பிளாக் கணக்கு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: பிளாக் ஆகும் டிக்கெட்டுகளைக் கணக்கெடுக்கப் போகிறோம். குறைந்தபட்சம் என்னென்ன எழுதி வைக்க வேண்டும்?

நின்ற தேதி, மறுபடி நகர்ந்த தேதி, எதற்காகக் காத்திருந்தது, கடைசியில் எது அதை நகர்த்தியது. இந்த நான்கு போதும். நான்காவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். எனக்கு அதுதான் முக்கியம். "வாடிக்கையாளர் பதில் வரவில்லை" என்று தொடக்கத்தில் எழுதியிருப்பார்கள். நகர்ந்த அன்றைய குறிப்பில் "கேள்வியைப் படம் போட்டு விளக்கி அனுப்பினோம், அன்றே பதில் வந்தது" என்று இருக்கும். அப்படியானால் சரிசெய்ய வேண்டியது நீங்கள் கேள்வி கேட்கும் விதத்தை.

காரணத்துக்கு ஆரம்பத்திலேயே டிராப்டவுன் வைத்துவிடாதீர்கள். அவசரத்தில் எல்லாம் 'மற்றவை'யில் போய் விழும். ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். இருபது, முப்பது சேர்ந்ததும் குழுவாக உட்கார்ந்து ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பெயர் வைக்கலாம்.

கேள்வி: எங்கள் போர்டில் Blocked என்று தனி ஸ்டேட்டஸே இருக்கிறது. அதில் எத்தனை நாள் இருந்தது என்று பார்த்தாலே போதுமே?

நாள் கணக்கு சரியாகவே வரும். ஆனால் வேலை எந்தக் கட்டத்தில் நின்றது என்பது ஒரே பார்வையில் தெரியாமல் போய்விடும். இன்னொன்று, டிக்கெட்டை அங்கே தள்ளியதும் கை காலியானது போலத் தோன்றும், உடனே வேறொன்றை எடுப்பார்கள். இருந்த இடத்திலேயே வைத்துக் கொடி போடுவதுதான் நல்லது. ஜிராவில் Add flag போட்டால், எப்போது போட்டோம், எப்போது எடுத்தோம் என்பது டிக்கெட்டின் வரலாற்றில் பதிவாகிவிடும். இப்போது நிற்பவற்றை இப்படி எடுக்கலாம்:

```
Flagged = Impediment AND statusCategory != Done
```

ஷீட்டில் நின்ற தேதியை B-யிலும் மறுபடி நகர்ந்த தேதியை C-யிலும் போட்ட பிறகு வேலை நாட்களுக்கு:

```
=NETWORKDAYS(B2, IF(C2="", TODAY(), C2))
```

அந்த `TODAY()` அவசியம். இன்னும் நின்றுகொண்டிருப்பவற்றை விட்டுவிட்டால், மிக நீளமான பிளாக்குகளே கணக்கில் வராமல் போகும். இந்தச் சூத்திரம் முதல் நாள், கடைசி நாள் இரண்டையும் சேர்த்தே எண்ணும். ஒரு மணி நேரம் நின்றாலும் 1 நாள் என்றே காட்டும்.

கேள்வி: வணக்கம் அக்கா. 3 மாதக் கணக்கு கையில் இருக்கிறது. மொத்தம் 22 பிளாக், 76 நாள். டெஸ்ட் சர்வர் 9 முறை, 11 நாள். வாடிக்கையாளர் பதில் 6 முறை, 27 நாள். வேறு குழுவின் ஏபிஐ 4 முறை, 34 நாள். சில்லறைக் காரணங்கள் 3 முறை, 4 நாள். சர்வர்தான் அதிக முறை வருவதால் அதிலிருந்து தொடங்குவதாக இருக்கிறோம். சரியா?

கணக்கை ஒழுங்காக வைத்திருக்கிறீர்கள் தம்பி. ஆனால் அடிக்கடி வருவது கண்ணை உறுத்தும், அவ்வளவுதான். 9 முறை நின்றும் போனது 11 நாள். ஏபிஐ 4 முறைதான், போனது 34 நாள். முதலில் மொத்த நாட்களை வைத்து வரிசைப்படுத்துங்கள்.

அதோடு நின்றுவிடவும் கூடாது. நீங்கள் அனுப்பிய ஷீட்டில் வாடிக்கையாளர் வரிசை 1, 1, 1, 2, 2, 20 என்று இருக்கிறது. அந்த 20ஐ எடுத்துவிட்டால் 5 முறைக்கு 7 நாள்தான். ஒரே ஒரு சம்பவம் அந்தக் காரணத்தையே பெரிதாகக் காட்டுகிறது. அதைத் தனியாக விசாரியுங்கள், அதற்காக நடைமுறையையே மாற்ற வேண்டாம். ஏபிஐ வரிசை 6, 7, 9, 12. ஒவ்வொரு முறையும் நீளம். அடுத்த முறை வந்தாலும் ஒரு வாரமாவது போகும் என்று எதிர்பார்க்கலாம்.

இனி அந்த நான்கின் குறிப்புகளையும் படியுங்கள். 7, 9, 12 ஆகிய மூன்றிலும் "எந்தெந்த ஃபீல்டு வரும் என்று கேட்டோம், மாதிரி பதில் அனுப்பினார்கள், வேலை நகர்ந்தது" என்றே எழுதியிருக்கிறீர்கள். கேட்டது எப்போது? நிரலைப் பாதி எழுதிய பிறகு. 28 நாள் இதில் போயிருக்கிறது. 6 நாள் நின்றது மட்டும் அந்தக் குழுவின் முன்னுரிமை மாறியதால், அது உங்கள் கையில் இல்லை. ஆக, 'வேறு குழு' என்று வெளியே தள்ளிய காரணத்தில் பெரும்பகுதி உங்களாலேயே தீரக்கூடியது. அந்த ஏபிஐயைத் தொடும் டிக்கெட்டை, மாதிரி பதில் கைக்கு வராமல் யாரும் எடுக்கக் கூடாது என்று வைத்துப் பாருங்கள்.

கேள்வி: நான் டெஸ்டர். சர்வர் 11 நாள்தான் என்று சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அது விழுந்தால் நாங்கள் எல்லோருமே சும்மா உட்கார்ந்திருக்கிறோம்.

நியாயமான பேச்சு. சர்வர் விழுந்தபோது எத்தனை டிக்கெட்டில் கொடி போட்டார்கள் என்று பாருங்கள். நான்கு நின்றிருக்க, ஒன்றில் மட்டும் போட்டிருந்தால் 11 என்பது குறைவு. நேர்மாறாகவும் இருக்கலாம்: அரை மணி நேரத்தில் எழுந்துவிட்ட சர்வருக்கும் சூத்திரம் 1 நாள் போட்டிருக்கும். இது போன்ற காரணங்களை மணிக்கணக்கில் எழுதுங்கள், பாதித்த எல்லா டிக்கெட்டிலும் கொடி போடுங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே சம்பவ எண் கொடுங்கள். அப்போதுதான் 4 டிக்கெட் நின்றது ஒரே சம்பவத்தால் என்று தெரியும். மற்றபடி, அரை நாள் வேலையில் சர்வர் சரியாகிவிடும் என்றால் வரிசை பார்க்காமல் இன்றே செய்துவிடுங்கள்.

கேள்வி: யாருடைய டிக்கெட்டுகள் அதிக நாள் நிற்கின்றன என்று இதில் தெரியும் அல்லவா? ஆண்டு மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

வேண்டாம். இந்தக் கணக்கு காரணங்களைப் பற்றியது. கடினமான வேலையை எடுப்பவரின் டிக்கெட்தான் அதிகம் நிற்கும். மதிப்பீட்டில் சேர்த்தீர்கள் என்று தெரிந்த வாரமே கொடி போடுவது நின்றுவிடும், டிக்கெட்டுகள் மட்டும் அப்படியே நிற்கும்.

கேள்வி: கோடு ரிவ்யூவுக்குக் காத்திருப்பது பிளாக்கா இல்லையா? எங்கள் குழுவில் தினமும் இதே சண்டை.

நான் அதை வரிசையில் நிற்பது என்றுதான் எடுத்துக்கொள்வேன். ரிவ்யூ எல்லா டிக்கெட்டுக்கும் உண்டு, அதற்கென்று ஒரு ஸ்டேட்டஸ் வைத்தாலே நேரம் தெரிந்துவிடும். ஆனால் ரிவ்யூ செய்யக்கூடிய ஒரே ஆள் விடுப்பில் போய்விட்டால்? அங்கே கொடி போடுவேன். 2 நாள் தாண்டினால் பிளாக் என்று வைத்திருக்கும் குழுக்களும் உண்டு, அதையும் தவறென்று சொல்ல மாட்டேன். நடுவில் விதியை மாற்றினால் மட்டும் பழைய எண்களோடு ஒப்பிட முடியாது.

கேள்வி: ஒரு பெரிய காரணத்தைச் சரிசெய்து பிளாக் நாட்களைப் பாதியாக்கிவிட்டோம். ஆனால் ஒரு டிக்கெட் முடிய ஆகும் நாள் குறையவே இல்லை. ஏன்?

இரண்டு இடங்களில் பாருங்கள். முதலாவது ரிலீஸ். இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வெளியிடுகிறீர்கள் என்றால், பிளாக்கில் மிச்சமான 5 நாள் ரிலீஸ் வரிசையில் காத்திருந்து கழிந்துவிடும்.

இரண்டாவது, கையில் இருக்கும் வேலை. 24 டிக்கெட் ஓடிக்கொண்டிருக்கிறது, வாரத்துக்கு 6 முடிகிறது என்றால், ஒன்று முடியச் சராசரி 4 வாரம். பிளாக் காலத்தில் சும்மா இருக்க வேண்டாமே என்று ஆளுக்கு ஒன்றிரண்டு கூடுதலாக எடுத்திருப்பார்கள். தடை நீங்கிய பிறகும் அதே பழக்கத்தில் 24 ஓடி, வாரத்துக்கு 6 மட்டுமே முடிந்தால் சராசரி அப்படியேதான் இருக்கும். புதிதாக எடுப்பதைக் கொஞ்சம் நிறுத்திவைத்து 15, 16 வரை இறக்கிப் பாருங்கள். உங்களிடம் இப்போது எத்தனை ஓடுகிறது, வாரத்துக்கு எத்தனை முடிகிறது என்று எழுதுங்கள். ரிலீஸ் வரிசையா, கூடுதல் வேலையா என்று பார்த்துவிடலாம்.